ஒவ்வொரு எண்ணாகப் பூஜ்யமாக்கும் சுழற்சி

பிளஸ் டூ கணக்கில் அணியைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். மூலைவிட்டத்துக்குக் கீழே எல்லாம் பூஜ்யமாகிவிட்டால் சமன்பாடுகளைக் கடைசியிலிருந்து வரிசையாகத் தீர்த்துவிடலாம். நிரைகளைப் பெருக்கிக் கழித்தும் அந்த இடத்துக்கு வரலாம். ஆனால் பெருக்கும் எண் பெரிதானால் தசமப் பிழைகளும் கூடவே பெருகும். அமெரிக்கக் கணிதவியலாளர் வாலஸ் கிவன்ஸ் 1958இல் வெளியிட்ட கட்டுரையில் சுழற்சியைக் கொண்டே அணியை முக்கோண வடிவுக்குக் கொண்டுவந்தார். சுழற்றினால் நீளம் மாறாது. அதனால் பிழையும் ஊதிப் பெருகாது.

இரண்டு நிரைகளை எடுத்துக்கொள்வோம். ஒரே நிரலில் மேலே a, கீழே b இருக்கிறது. B பூஜ்யமாக வேண்டும்.

```
r = √(a² + b²),  c = a/r,  s = b/r
புதிய மேல் நிரை =  c × மேல் + s × கீழ்
புதிய கீழ் நிரை = −s × மேல் + c × கீழ்
```

(a, b) என்ற புள்ளியை அச்சின் மேல் படும்படி திருப்புகிறோம், அவ்வளவுதான். கோணத்தைக் கண்டுபிடிக்கவே வேண்டாம்.

இப்போது மூன்று நிரைகள்: (3, −3), (4, 1), (12, 8). முதலில் 4ஐ நீக்க முதல் இரண்டு நிரைகளைச் சுழற்றுகிறோம். r = 5. அவை (5, −1), (0, 3) என்று மாறுகின்றன. மூன்றாவது நிரை அப்படியே இருக்கிறது. அடுத்து 12. முதல் நிரையையும் மூன்றாம் நிரையையும் சுழற்றினால் r = 13; (13, 7), (0, 4) கிடைக்கும். மிச்சம் இருப்பது 4 மட்டும். அதை இரண்டாம் நிரையுடன் சேர்த்துச் சுழற்ற, (0, 5), (0, 0).

```
R =  13   7
      0   5
      0   0
```

அந்தக் கடைசிச் சுழற்சியை முதல் நிரையோடு செய்திருந்தால்? அதிலுள்ள 13 மூன்றாம் நிரைக்குள் புகுந்து, பாடுபட்டு உண்டாக்கிய பூஜ்யத்தை அழித்திருக்கும். இரண்டாம், மூன்றாம் நிரைகளின் தொடக்கத்தில் இரண்டுமே பூஜ்யம் என்பதால்தான் அது பிழைத்தது. இந்த முறையில் வரிசை அவ்வளவு முக்கியம்.

மூன்று சுழற்சிகளையும் எதிர்த் திசையில், கடைசியிலிருந்து முதலுக்கு, பெருக்கினால் Q. அதன் முதல் இரண்டு நிரல்கள் (3, 4, 12)/13, (−12, −3, 4)/13. சரிபார்க்கச் சுலபமான வழி உண்டு: மூல அணியின் இரண்டாம் நிரலில் 9 + 1 + 64 = 74; R அணியில் 49 + 25, அதுவும் 74. இது ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஒரு குறி தவறியிருக்கிறது. பெரும்பாலும் s முன்னால் வரும் கழித்தல் குறி.

கணினியில் இன்னொரு வம்பு. a 10²⁰⁰ அளவில் இருந்தால் அதன் வர்க்கம் இரட்டைத் துல்லிய எண்ணில் அடங்காது. a, b இரண்டில் பெரியதால் முதலில் வகுத்துவிட்டு வர்க்கம் எடுப்பார்கள்.

நெருக்கமான பெரிய அணிகளுக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஹவுஸ்ஹோல்டர் முறை ஒரு நிரலை ஒரே அடியில் துடைத்துவிடும். சாதாரணக் கிவன்ஸ் முறைக்கு அதைவிட ஒன்றரை மடங்கு கணக்கு வேண்டும். ஆனால் பூஜ்யங்கள் ஏற்கெனவே நிறைந்த அணியில் தேவையான எண்ணை மட்டும் தொட்டால் போதும். முக்கோணம் தயாரான பிறகு புதிய அளவீடு ஒன்று வந்து ஒரு நிரை கூடினாலும் அப்படித்தான்: நிரல்கள் n என்றால் அதிகபட்சம் n சுழற்சிகள், பழைய தரவைத் திரும்பத் தொடவே வேண்டாம்.