நூறு சதவீதம் என்றால் எதில் நூறு?

மின் ஸ்கூட்டருக்கான பிஎம் இ-டிரைவ் மானியம் 2026 மார்ச் 31-உடன் நிற்கும் என்று மத்திய அரசு 2025 ஆகஸ்டில் அறிவித்தது. அதிலிருந்து வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி: வீட்டில் சார்ஜ் போடும் வண்டியா, பேட்டரி மாற்றிக்கொள்ளும் வண்டியா? 2025-26-இல் மானியமே பேட்டரிக் கொள்ளளவில் யூனிட்டுக்கு 2,500 ரூபாய், உச்சவரம்பு 5,000 ரூபாயாகத்தான் இருந்தது. இவ்வளவு சிறிய தொகைக்காக அவசரப்பட்டு, ஆண்டுக்கணக்கில் பணம் கட்ட வேண்டிய ஏற்பாட்டில் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.

மாற்றும் நிலையம் என்பது சார்ஜ் ஏறிய பேட்டரிகளை அடுக்கி வைத்த அலமாரி. காலியானதைச் செருகினால் நிறைந்ததைத் தரும். 'ஓரிரு நிமிடத்தில் வேலை முடிந்தது' என்று நிறுவனங்கள் சொல்வது, நீங்கள் போகும்போது நிறைந்த பேட்டரி அங்கே இருந்தால் உண்மை. வெயிலில் ஓடிச் சூடாக வரும் பேட்டரியை உடனே சார்ஜில் போடுவதும் நல்லதல்ல, கொஞ்சம் ஆறவேண்டும். மாலை நெரிசலில் அலமாரி காலியாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விஷயம் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. உங்கள் கைக்கு வருவது யாரோ ஓட்டிய பேட்டரி. திரையில் 100 என்று காட்டும். எதில் 100? அந்தப் பேட்டரி இன்றைக்கு எவ்வளவு கொள்ளுமோ, அதில் 100. புதிதாக இருந்தபோது கொண்ட அளவில் அல்ல.

ஹோண்டா ஆக்டிவா இ-யை எடுத்துக்கொள்வோம். இது மாற்று பேட்டரியில் மட்டுமே ஓடும் வண்டி. வீட்டு பிளக்கில் சார்ஜ் போட வழி வைக்காமலேயே சந்தைக்கு வந்தது. தலா 1.5 யூனிட் கொள்ளும் இரண்டு பேட்டரிகள், ஒவ்வொன்றும் சுமார் 10 கிலோ. சோதனைச் சான்றிதழ்படி 102 கிலோமீட்டர். சாலையில் 80 கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் தேய்ந்து 80 சதவீதக் கொள்ளளவுக்கு இறங்கியிருந்தால், 3 யூனிட்டுக்குப் பதில் 2.4 யூனிட்தான் இருக்கும். 64 கிலோமீட்டரில் மறுபடி நிலையம் தேட வேண்டும். ஒரு தடவை மாற்ற 100 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால், கிலோமீட்டருக்கு 1.25 ரூபாய் ஆன செலவு 1.56 ஆகிவிடும். இரண்டு நிலையிலும் திரை 100 என்றுதான் காட்டியது, பொய்யும் சொல்லவில்லை.

இதை நேர்மையாக்க வழி உண்டு. பேட்டரிக்குள் இருக்கும் மின்னணுப் பலகை உள்ளே போன மின்சாரத்தையும் வெளியே வந்ததையும் எண்ணிக்கொண்டே இருக்கிறது. திருப்பிச் செருகும்போது நிலையம் அந்தக் கணக்கைப் படித்து, செலவழித்த யூனிட்டுக்கு மட்டும் பணம் வாங்கலாம். இந்த எண்ணிக்கையில் சிறுசிறு பிழை சேரும், முழுதாகச் சார்ஜ் ஏறும்போது அது சரிசெய்யப்படும். நிலையத்துப் பேட்டரி அடிக்கடி முழு சார்ஜ் ஆவதால் இங்கே கணக்கு நம்பகமாகவே இருக்கும். கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆகவே 'பணம் ஒவ்வொரு மாற்றத்துக்கா, யூனிட்டுக்கா' என்பதுதான் ஷோரூமில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. சந்தேகமிருந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, ஒரே பாதையில் ஓட்டி, 100-லிருந்து 20 வரை எவ்வளவு தூரம் வருகிறதென்று பாருங்கள். 64 கிலோமீட்டர் வந்தால் நல்ல பேட்டரி, 51-க்குச் சுருங்கினால் தேய்ந்தது.

வீட்டில் சார்ஜ் போடும் வண்டி என்றால் தேய்மானம் முழுக்க உங்கள் தலையில். ஆனால் அது மெல்ல வரும், உங்கள் கண்ணெதிரே வரும். 3 யூனிட் பேட்டரியை நிரப்ப, சார்ஜரின் சேதாரத்தோடு 3.4 யூனிட் பிடிக்கும். யூனிட் 8 ரூபாய் என்று கூட்டியே போட்டாலும் 27 ரூபாய், அதே 80 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 34 பைசா. இந்த மலிவில் மயங்கிவிடாதீர்கள். சில ஆண்டுகள் கழித்துப் புதுப் பேட்டரிக்கு மொத்தமாக எடுத்துவைக்கும் தொகையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 1.25-க்கும் 34 பைசாவுக்கும் உள்ள இடைவெளியில் ஒரு பகுதி அந்தத் தொகைதான்.

மற்ற கேள்விகள்:

எந்த நிலையத்திலும் எந்த வண்டிக்கும் மாற்றலாமா? முடியாது. பேட்டரிகள் பொதுவாக இருக்க வேண்டும் என்று நிதி ஆயோக் 2022 ஏப்ரலில் எழுதியது வரைவாகவே நின்றது. மின்துறை அமைச்சகத்தின் 2025 ஜனவரி வழிகாட்டுதல்களும் எல்லோருக்கும் ஒரே பேட்டரி என்று கட்டாயப்படுத்தவில்லை.

வாகன நிறுத்துமிடத்தில் பிளக் இல்லையே? கழற்றி மாடிக்குத் தூக்கிப்போகும் சொந்தப் பேட்டரி வண்டிகளைப் பாருங்கள்.

15 ஆம்பியர் பிளக் அவசியமா? 750 வாட் சார்ஜர் 3 ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும், ஆனாலும் மணிக்கணக்கில் ஓடுவதால் எர்த் உள்ள 15 ஆம்பியர் பிளக்கே சரி.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்? வேண்டாம்.

பேட்டரிக்கான மாதச் சந்தா கட்டத் தவறினால்? பேட்டரியைத் தூரத்திலிருந்தே பூட்ட முடியும், ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள்.

டெலிவரி வேலைக்கு எது? ஒரு நாளில் ஒரு சார்ஜுக்கு மேல் ஓடுபவருக்கு மாற்றும் நிலையம், அதுவும் அவர் சுற்றும் பகுதியில் இரண்டு நிலையமாவது இருந்தால்.