ரீசெட் பொத்தானை அழுத்துவதற்கு முன்

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பசார் பக்கம் ஒரு துணிக்கடை. யூனிஃபை இணைப்பு, கடைக்காரர் தாமே வாங்கி வைத்த டிபி-லிங்க் ரூட்டர். வைஃபை பெயரை மாற்ற வேண்டும். ஆனால் ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

ரீசெட் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தினால் பழைய கடவுச்சொல் போய்விடும். அதோடு யூனிஃபை இணைப்பின் விவரங்களும் போய்விடும். அவை இரண்டு: PPPoE பயனர் பெயரும் அதன் கடவுச்சொல்லும் ஒன்று, இணையத்துக்கான VLAN எண் 500 மற்றொன்று. இவை கையில் இல்லாமல் ரீசெட் செய்தால், ரூட்டருக்குள் நுழையலாம், இணையம் வராது.

ஆகவே முதலில் வேறு வழிகளைப் பார்க்க வேண்டும். முன்பு ரூட்டரை அமைத்த கணினியின் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களுக்குள் 192.168.0.1 அல்லது tplinkwifi.net என்ற முகவரி இருக்கிறதா என்று தேடுங்கள். யாருடைய கைப்பேசியிலாவது ரூட்டரின் செயலி வெளியேறாமல் திறந்திருந்தால், வைஃபை பெயரை அதிலேயே மாற்றிவிடலாம். பலர் வைஃபை கடவுச்சொல்லையே இங்கும் போட்டிருப்பார்கள். அதையும் முயன்று பாருங்கள்.

எதுவும் பலிக்கவில்லையென்றால் இணைப்பு விவரங்களைத் தேடுங்கள். இணைப்புக் கொடுத்தபோது வந்த தாளில் இருக்கும். தொலைந்திருந்தால் டிஎம்மின் 100-ஐ அழைத்து, கணக்கு உரிமையாளரே கேட்க வேண்டும். கிடைத்த விவரங்கள் சரிதானா என்பதை ரீசெட்டுக்கு முன்பே சோதிப்பதுதான் என் பார்வையில் மிக முக்கியமான படி. இரவல் ரூட்டர் ஒன்றில் அவற்றை உள்ளிட்டு, ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளை அதில் செருகுங்கள். இணையம் வந்தால் பழைய ரூட்டரைத் தயங்காமல் ரீசெட் செய்யலாம். உடனே வராவிட்டால் சில நிமிடம் பொறுங்கள். பழைய இணைப்பு அந்தப் பக்கம் இன்னும் முடியாமல் இருக்கக்கூடும்.

ரீசெட்டுக்குப் பின் கணினியைக் கேபிளில் இணைத்து, புதுக் கடவுச்சொல் வைத்து, PPPoE விவரங்களை இடுங்கள். டிபி-லிங்க்கின் பல மாடல்களில் IPTV/VLAN பக்கத்தில் Malaysia-Unifi என்ற தேர்வு இருக்கிறது. அதைத் தொட்டால் VLAN எண்கள் தாமே நிரம்பும்.

இணையம் வராவிட்டால் ரூட்டரின் பதிவேட்டைப் பாருங்கள். சர்வரிடமிருந்து பதிலே இல்லையென்றால் பெரும்பாலும் VLAN எண் தவறு, அல்லது கேபிள் தவறான துளையில் இருக்கிறது. பதில் வந்து, அனுமதி மறுக்கப்பட்டால் பயனர் பெயரிலோ கடவுச்சொல்லிலோ பிழை.

பழைய அமைப்பின் காப்புக் கோப்பு இருந்தால் அதை ஏற்றத் தோன்றும். பல ரூட்டர்களில் மறந்துபோன கடவுச்சொல்லும் அதோடு திரும்பி வந்து, மறுபடி வெளியே நிறுத்திவிடும். கைப்பட உள்ளிடுவதே மேல்.

இத்தனையும் தனி ரூட்டருக்கு மட்டும். சுவரிலிருந்து வரும் ஃபைபர் நேராக நுழையும் பெட்டியை எக்காரணம் கொண்டும் ரீசெட் செய்யாதீர்கள். லைனை அடையாளம் காட்டும் விவரங்கள் அதற்குள் இருக்கலாம். அழிந்தால் டிஎம் ஆள்தான் வந்து சரிசெய்ய வேண்டியிருக்கும். ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் ஒன்றாகவே உள்ள சாதனம் என்றால் எதையும் அழுத்தாமல் 100-ஐ அழைத்துவிடுங்கள்.