சீனன்குடாவா, பிரதேச செயலகமா?

படித்த பிறகு – தொடர்

திருகோணமலையில் பட்டம் முடித்த பிள்ளைக்கு வேலைகள் இரண்டு திசைகளில் இருக்கின்றன. ஒன்று, நகரத்திலும் சுற்றிலும் உள்ள கச்சேரி, பிரதேச செயலகம், மாகாணத் திணைக்களங்கள். மற்றது, துறைமுகத்தை ஒட்டிய சீனன்குடாப் பக்கம். மா ஆலை, சீமெந்து ஆலை, எண்ணெய்க் களஞ்சியம் எல்லாம் அங்கேதான். தனியார் கூடச் சம்பளம் தருகிறார்கள். ‘கவர்ன்மென்ட் எண்டால் பென்சன் இருக்கு’ என்று வீட்டில் சொல்கிறார்கள். இரண்டுமே உண்மை. ஆனால் கணக்கு அங்கே முடிந்துவிடுவதில்லை.

2017இல் கிழக்கின் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியில் இருந்து போராடினார்கள். 2020இல் அரசாங்கம் மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவுடன் பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுத்தது. அந்தப் பட்டியலில் பலருடைய பெயர்கள் விடுபட்டன. அவர்கள் பெயரில் ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் கட்டப்பட்டிருந்ததே காரணம். திட்டம் வேலையற்றவர்களுக்கானது, நிதியில் பெயர் இருந்தால் வேலை உண்டு என்பது கணக்கு. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் சின்னச் சம்பளத்துக்குப் போனவர்கள்தான் மேன்முறையீட்டுக் கடிதத்தோடு அலைந்தார்கள். இது அநியாயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதிலிருந்து பலர் கற்றுக்கொண்ட பாடமோ அதைவிட மோசமானது: ‘ஈ.பி.எஃப். கட்டாதீங்க சேர்’ என்று முதலாளியிடம் தாங்களே கேட்பது. அது சட்டத்துக்கும் மாறு, பிள்ளைக்கும் நட்டம்.

எவ்வளவு நட்டம் என்று பார்ப்போம். ஒரு தனியார் கடிதத்தில் மாதம் 1,20,000 ரூபாய் என்று இருக்கிறது என்று வையுங்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் அடிப்படைச் சம்பளம் 60,000, மீதி ஊக்குவிப்பு, பயணம் என்று பிரிந்திருக்கும். சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 சதவீதம். இவற்றை 60,000க்கு மட்டும் கணக்கிட்டால் முதலாளி தருவது 9,000. முழுத்தொகைக்கும் என்றால் 18,000. ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று வரும் பணிக்கொடையும் அப்படியே பாதியாகிறது. ஆகவே நேர்முகத்தில் கேட்க வேண்டிய கேள்வி ‘எவ்வளவு?’ அல்ல. ‘இதில் அடிப்படை எவ்வளவு, நிதி எதற்குக் கட்டுகிறீர்கள்?’

இனிப் பென்சன். அறுபது வயதில் மாதம் 50,000 ரூபாய் வட்டியாக வர வேண்டுமானால், எட்டு சதவீத வட்டிக்கு 75 இலட்சம் கையில் இருக்க வேண்டும். மேலே சொன்ன 60,000 அடிப்படையில் இருவர் பங்குமாகச் சேமலாப நிதிக்குச் சேர்வது மாதம் 12,000. சம்பளம் ஏறாமல், வட்டியும் சேர்க்காமல் பார்த்தால் முப்பது வருடத்தில் 43 இலட்சம். வட்டியும் சம்பள உயர்வும் அந்த இடைவெளியை நிரப்பக்கூடும், ஆனால் நடுவில் எடுத்துச் செலவழிக்காமல் இருந்தால்தான். பென்சன்காரர் இறந்த பிறகு துணைக்கும் பணம் தொடர்வது தனி. அதற்காகப் பென்சனை மலைபோல நம்பவும் முடியாது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் எழுபது சதவீதத்தைத் தொட்டபோது, அரிசி வாங்கத் தடுமாறியவர்களில் பென்சன்காரர்களும் இருந்தார்கள்.

துறைமுகத்தில் வேலை கிடைத்தால் அதையும் அரச வேலை என்றுதான் ஊரில் சொல்வார்கள். அங்கே கவனம் தேவை. அதிகாரசபை, கூட்டுத்தாபனம் என்றால் பெரும்பாலும் சேமலாப நிதிதான், திணைக்களப் பென்சன் இல்லை. சம்பளம் திணைக்களத்தைவிட நன்றாக இருக்கலாம். ஆனால் வீட்டார் நினைத்துக்கொண்டிருக்கும் வேலை அதுவல்ல.

எனக்கு முக்கியமாகப் படுவது, எந்தக் கதவு திரும்பத் திறக்கும் என்பது. தனியாரிலிருந்து பென்சன் உள்ள அரச நியமனத்துக்குப் போகிறவர் தன் சேமலாப நிதியை எடுத்துக்கொள்ளலாம், உழைத்தது வீணாகாது. அரச சேவையை இராஜினாமா செய்து வருகிறவருக்கோ பென்சன் உரிமை சாதாரணமாகப் போய்விடும். 2022 நெருக்கடியில், சம்பளமில்லா விடுமுறையில் ஐந்து வருடம் வரை வெளியே உழைத்துவிட்டு, சேவைமூப்பு கெடாமல் திரும்பலாம் என்று சுற்றறிக்கை வந்தது. அது நெருக்கடிக்குக் கிடைத்த சலுகை. அதை நம்பித் திட்டம் போட முடியாது.

அதனால் இருபத்து நான்கு வயதில் இரண்டு கடிதமும் கையில் இருக்கிறவருக்கு, தனியாரில் மூன்று நான்கு வருடம் என்பது பெரிய ஆபத்தல்ல என்பேன். நிதி ஒழுங்காகக் கட்டப்பட வேண்டும், அரச பரீட்சைகளின் வயதெல்லை கடக்கக் கூடாது, அவ்வளவுதான். முப்பதை நெருங்குகிறவருக்கு அதே யோசனையைச் சொல்ல மாட்டேன். அவர் திணைக்கள நியமனம் கிடைத்தால் ஏற்கட்டும். கையெழுத்திடுவதற்கு முன் கடிதத்தில் இரண்டு வரிகளைத் தேட வேண்டும்: பதவி நிரந்தரமானதா, ஓய்வூதிய உரித்துள்ளதா. இரண்டில் ஒன்று எழுதப்படாமல் இருந்தால், மாவட்டச் செயலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகுதான் தனியார் வேலையை விட வேண்டும்.