கேஸ் ஷீட் தர மறுக்கிறதா மருத்துவமனை? 72 மணி நேர விதியைப் பயன்படுத்துவது எப்படி?

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மருத்துவமனை நம் கையில் ஒரு ஃபைலைக் கொடுக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரி, சில ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள், மருந்துச்சீட்டு, பில் எல்லாம் அதில் இருக்கும். 'எல்லாம் கொடுத்துட்டாங்க' என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம். ஆனால், சிகிச்சையின் முழு விவரமும் அடங்கிய கேஸ் ஷீட் அந்த ஃபைலில் இருக்காது. அது மருத்துவமனையின் ஆவணப் பிரிவில்தான் இருக்கும்.

டிஸ்சார்ஜ் சம்மரி என்பது கடைசியில் எழுதப்படும் சுருக்கம். இரண்டு, மூன்று பக்கம்தான் இருக்கும். கேஸ் ஷீட் அப்படியல்ல. அட்மிஷன் போட்டபோது டியூட்டி டாக்டர் விசாரித்து எழுதிய நோயாளியின் பின்னணி, டாக்டர் தினமும் ரவுண்ட்ஸ் வந்தபோது எழுதிய குறிப்பு, நர்ஸ் பதிவு செய்த பி.பி, காய்ச்சல் அளவுகள், எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்ற சார்ட், மயக்க மருந்துக் குறிப்பு, ஆபரேஷன் குறிப்பு, நாம் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் என அத்தனையும் அதில் இருக்கும். இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் 'இன்டோர் கேஸ் பேப்பர்ஸ்' என்று கேட்பது இதைத்தான்.

ஒரு வார்த்தையால் நின்றுபோகும் க்ளெய்ம்

இது எப்போது தேவைப்படும் என்பதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவருக்குத் தனியார் மருத்துவமனையில் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் நடக்கிறது. வீட்டில் பணத்தைப் புரட்டிக் கட்டிவிட்டு, பிறகு இன்ஷூரன்ஸில் க்ளெய்ம் செய்கிறார்கள். பாலிசி எடுத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. டிஸ்சார்ஜ் சம்மரியில், நோயாளிக்கு 6 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருப்பதாக டைப் செய்யப்பட்டிருக்கிறது. உண்மையில் அவருக்குச் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்டு 6 மாதங்கள்தான் ஆகின்றன.

இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பார்வையில் இது சின்னப் பிழையல்ல. 6 ஆண்டுகள் என்றால், பாலிசி எடுக்கும்போதே நோய் இருந்தது, அதை மறைத்துவிட்டார் என்று ஆகிவிடும். க்ளெய்மை நிறுத்திவைத்து, இன்டோர் கேஸ் பேப்பர்ஸ் கேட்கிறார்கள். மனைவி மருத்துவமனைக்குப் போனால், 'அதெல்லாம் வெளியில தர்றதில்ல மேடம், சம்மரி கொடுத்தாச்சே' என்று கவுன்டரில் சொல்லிவிடுகிறார்கள்.

கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் டியூட்டி டாக்டர் '6 மாதம்' என்று சரியாக எழுதியிருக்கலாம். டைப் செய்தவர் அதை ஆண்டாக மாற்றியிருக்கலாம். அந்த ஒரு பக்கம் கையில் கிடைத்தால்தான் க்ளெய்ம் நகரும்.

விதி என்ன சொல்கிறது?

இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நடத்தை நெறிமுறை விதிகள்தான் இதற்கு அடிப்படை. உள்நோயாளியின் ஆவணங்களை, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்கு டாக்டர் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ, அவர் அதிகாரம் கொடுத்த நபரோ கேட்டால், 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்க மறுப்பது, தொழில்முறை ஒழுங்கீனங்களின் பட்டியலிலேயே இடம்பெற்றிருக்கிறது. இந்த விதிகளுக்கு முன்பே, நோயாளியின் ஆவணங்களை ரகசியம் என்று சொல்லி அவருக்கே தர மறுக்க முடியாது என 1996-ல் மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனமும் இதையே சொல்கிறது. சிகிச்சையில் இருக்கும்போது கேட்டால் முடிந்தவரை 24 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜுக்குப் பிறகு 72 மணி நேரத்திலும் தர வேண்டும். எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் விரிவான பில்லும் நம் உரிமை. ஜெராக்ஸ் செலவை மட்டும் நாம் ஏற்க வேண்டியிருக்கும். ஆனால், இந்தச் சாசனம் ஒரு வழிகாட்டி. தனியாக அதை வைத்துத் தண்டனை வாங்கித்தர முடியாது.

இங்கே பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. 2002 விதி கட்டுப்படுத்துவது டாக்டரை. மருத்துவமனையின் பில்லிங் பிரிவையோ, மேனேஜரையோ அல்ல. அதனால், 'மேனேஜர், இன்ன மருத்துவமனை' என்று மட்டும் எழுதும் கடிதத்துக்குப் பலம் குறைவு. மருத்துவக் கண்காணிப்பாளர், சிகிச்சை அளித்த டாக்டர் என இருவரின் பெயருக்கும் எழுத வேண்டும்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

வாய்மொழியாகக் கேட்டால் 72 மணி நேரக் கணக்கு எப்போது தொடங்கியது என்று நிரூபிக்க முடியாது. எனவே, எழுத்தில் கேட்க வேண்டும். நம் உதாரணத்தில் நோயாளி இப்படி எழுதலாம்:

'நான் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை தங்கள் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தேன். என் ஐ.பி. எண் இது. அட்மிஷன் குறிப்பு முதல் டிஸ்சார்ஜ் வரையிலான முழு கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்புகள், ஆபரேஷன் மற்றும் மயக்க மருந்துக் குறிப்புகள், எல்லாப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள், ஸ்கேன் படங்கள், விரிவான பில் ஆகியவற்றின் சான்றளிக்கப்பட்ட நகல்கள் தேவை. 2002-ம் ஆண்டு மருத்துவ கவுன்சில் நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். நகல் எடுக்கும் கட்டணத்தைச் செலுத்துகிறேன். என் சார்பில் பெற்றுக்கொள்ள என் மனைவிக்கு அதிகாரம் அளிக்கிறேன்.'

கடைசி வரி முக்கியம். மனைவியே ஆனாலும், நோயாளியின் அனுமதி இல்லாமல் ஆவணத்தைத் தர மருத்துவமனை தயங்குவதில் நியாயம் இருக்கிறது. நோயாளியின் கையெழுத்து, இருவரின் அடையாள அட்டை நகல் ஆகியவற்றை இணைத்துவிட்டால் அந்தக் காரணம் அடிபட்டுப்போகும். நோயாளி இறந்துவிட்டால், இறப்புச் சான்றிதழும் உறவுமுறைக்கான ஆதாரமும் இணைத்து வாரிசுகள் கேட்கலாம்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துச் செல்லுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் சீல், கையெழுத்து, தேதி, நேரம் வாங்குங்கள். திங்கள்கிழமை காலை 11 மணிக்கு வாங்கினால், வியாழன் காலை 11 மணிக்குக் கெடு முடிகிறது. சீல் போட மறுத்தால் சண்டை வேண்டாம். அன்றே அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டிலும், மருத்துவமனையின் இ-மெயிலுக்கும் அனுப்புங்கள். டெலிவரி ஆனதற்கான அத்தாட்சியே உங்கள் சீல்.

ஸ்கேன் விஷயத்தில் ஒரு கவனம் தேவை. எம்.ஆர்.ஐ, சி.டி ஸ்கேனுக்கு ரிப்போர்ட் பேப்பரை மட்டும் கொடுப்பார்கள். வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்து கேட்கப் போனால், அவர் படங்களைத்தான் பார்ப்பார். எனவே, 'டைகாம்' வடிவில் சி.டி அல்லது பென் டிரைவில் படங்களைக் கேளுங்கள். ஃபிலிமை மொபைலில் போட்டோ எடுத்து அனுப்புவது இதற்கு ஈடாகாது.

வாங்கியதும் சரிபாருங்கள்

கவுன்டரிலேயே பத்து நிமிடம் நின்று புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் பெயர், ஐ.பி. எண் இருக்கிறதா? அட்மிஷன் முதல் டிஸ்சார்ஜ் வரை எந்தத் தேதியும் விடுபடாமல் இருக்கிறதா? மருந்து சார்ட்டில் உள்ள ஊசிகளும் பில்லில் உள்ள ஊசிகளும் ஒத்துப்போகின்றனவா? ஏதாவது ஒரு நாளின் குறிப்பு இல்லை என்றால், அதை அங்கேயே எழுதிக் கேளுங்கள்.

நம் உதாரணத்தில் கேஸ் ஷீட்டிலும் '6 ஆண்டுகள்' என்றே இருந்தால்? அதை அடித்துத் திருத்தித் தரச் சொல்லக் கூடாது. திருத்திய ஆவணம் இன்னும் பெரிய சந்தேகத்தைக் கிளப்பும். சர்க்கரை முதலில் கண்டுபிடிக்கப்பட்டபோது எடுத்த ரத்தப் பரிசோதனை, அப்போதைய மருந்துச்சீட்டு இரண்டையும் காட்டி, பிழை நேர்ந்ததை விளக்கும் கடிதம் ஒன்றை டாக்டரிடம் தனியாக வாங்க வேண்டும்.

72 மணி நேரம் கடந்துவிட்டால்?

'பில் பாக்கி இருக்கு', 'போலீஸ் கேஸ் ஆகிடுமோ', 'கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க' என்பவை வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள். 72 மணி நேர விதியில் இவற்றுக்கெல்லாம் விலக்கு இல்லை. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித்தர மாட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று கதவுகள் இருக்கின்றன.

முதலாவது, மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகள், மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றே இயங்குகின்றன. அதைக் கவனிக்கும் மாவட்ட அதிகாரி இவர். ஆவணம் சீக்கிரம் கிடைத்தால் போதும் என்பவர்கள், சீல் வாங்கிய கடிதத்தின் நகலுடன் முதலில் இங்கே புகார் கொடுக்கலாம்.

இரண்டாவது, தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். டாக்டரின் பெயரைக் குறிப்பிட்டுப் புகார் கொடுக்க வேண்டும். விசாரித்து எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்குப் பெயரை நீக்கவும் செய்யலாம். ஆனால், நமக்கு இழப்பீடு வாங்கித்தராது.

இழப்பீடு வேண்டும் என்றால் மூன்றாவது கதவு, மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வேண்டுமென்றே தகவலை மறைப்பதைச் சேவைக் குறைபாடு என்கிறது. பில் தராமல் இருப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை. ஆவணங்களைத் தாக்கல் செய்யுமாறு மருத்துவமனைக்கு உத்தரவிடும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அதற்கு முன் ஆலோசனை வேண்டுமானால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

அரசு மருத்துவமனை என்றால்?

எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடம் என்பதால், அரசு மருத்துவமனை மீது பொதுவாக நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. ஆனால், அதைவிட எளிய வழி இருக்கிறது. முதலில் நிலைய மருத்துவ அலுவலரிடம், அதாவது ஆர்.எம்.ஓ-விடம் கடிதம் கொடுங்கள். நகரவில்லை என்றால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட அவசரம் என்றால் 48 மணி நேரம்தான் கெடு; மனுவிலேயே அந்த அவசரத்தை விளக்க வேண்டும். பதில் வராவிட்டால், அடுத்த 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

தனியாரோ, அரசோ, கடிதத்தைத் தள்ளிப்போட வேண்டாம். 3 ஆண்டுகள் கழித்துப் போய்க் கேட்டால், 'பழைய ரெக்கார்டை அழிச்சுட்டோம்' என்று மருத்துவமனை சொல்ல விதியே இடம் கொடுக்கிறது. டிஸ்சார்ஜ் தேதி பேசப்படும்போதே கடிதத்தையும் கொடுத்துவிட்டால், வீட்டுக்குக் கிளம்பும் நாளிலேயே ஆவணங்களைக் கேட்டு வாங்க வாய்ப்பு இருக்கிறது.