ஆறாவது முயற்சி

ஐந்து முறை பாஸ்வேர்டைத் தவறாகப் போட்டால் கணக்கு 30 நிமிடம் பூட்டிக்கொள்ளும். பல லாகின் திரைகளில் இப்படி ஒரு விதி இருக்கும். அது சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்க டெஸ்டர் எழுதிவைப்பதுதான் டெஸ்ட் கேஸ். “தவறான பாஸ்வேர்டு ஐந்து முறை போடவும், கணக்கு பூட்ட வேண்டும்” என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்கள் உண்டு. அந்த வரியை இரண்டு பேரிடம் கொடுத்தால் இரண்டு முடிவுகள் வரக்கூடும்.

ஏனென்றால், நேற்று வேறொருவர் அதே கணக்கில் இரண்டு முறை தவறாகப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். இன்று மூன்றாவது முயற்சியிலேயே பூட்டிக்கொள்ளும். டெஸ்டர் அதை பக் என்று பதிவு செய்வார். டெவலப்பர் புதுக் கணக்கில் போட்டுப் பார்ப்பார். ஐந்தாவதில் ஒழுங்காகப் பூட்டும். “எனக்குச் சரியாகத்தானே வருகிறது” என்று மூடிவிடுவார். இந்த இழுபறியைத் தவிர்க்கத்தான் முன்நிபந்தனை: `test_user07` கணக்கு பூட்டப்படாமல் இருக்கிறது, தவறான முயற்சிகளின் எண்ணிக்கை 0, சரியான பாஸ்வேர்டு `Malar@2024`.

அடுத்தது படிகள். ஒரு படியில் ஒரு செயல் போதும். ‘தவறான பாஸ்வேர்டு’ என்று மட்டும் எழுதினால் ஒருவர் பெட்டியைக் காலியாகவே விட்டு லாகின் பட்டனை அழுத்துவார். பல திரைகள் காலிப் பெட்டியை சர்வருக்கே அனுப்பாது. அது முயற்சியாகக் கணக்கில் ஏறாது. ஆகவே என்ன தட்டச்சு செய்ய வேண்டுமோ அதையே கொடுத்துவிட வேண்டும்: `Malar@2025`.

எதிர்பார்க்கும் விளைவில், முதல் நான்கு முறையும் “பயனர் பெயர் அல்லது பாஸ்வேர்டு தவறு” என்ற செய்தி வர வேண்டும், திரை மாறக் கூடாது. (“பாஸ்வேர்டு தவறு” என்று மட்டும் காட்டினால், பெயர் சரிதான் என்று திருடனுக்கு நாமே சொல்லிக்கொடுத்ததாகும்.) ஐந்தாவது முறை “கணக்கு பூட்டப்பட்டது” என்று வர வேண்டும்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் செய்தி வந்ததாலேயே கணக்கு பூட்டியதாகாது. செய்தியைக் காட்டிவிட்டு உள்ளே விடும் நிரலும் இருக்கலாம். எனவே ஆறாவது படியில் சரியான பாஸ்வேர்டான `Malar@2024` போட வேண்டும். அப்போதும் உள்ளே விடக் கூடாது. ஆறாவதையும் தவறாகவே போட்டால் பூட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும் மறுப்புதான் வரும், எதுவும் தெரியாது.

30 நிமிடக் கெடுவுக்குத் தனி டெஸ்ட் கேஸ்கள் வேண்டும். 29ஆவது நிமிடத்தில் சரியான பாஸ்வேர்டும் மறுக்கப்பட வேண்டும். 31ஆவது நிமிடத்தில் ஏற்கப்பட வேண்டும். ஆனால் இரண்டையும் ஒரே ஓட்டத்தில் சோதிக்கக் கூடாது. பூட்டியிருக்கும்போது செய்யும் முயற்சி கெடுவை நீட்டிக்குமா என்பதைப் பல தேவை ஆவணங்கள் சொல்வதில்லை. அப்படி இருந்தால் டெஸ்டர் தாமாக ஒரு விளைவை எழுதிவிடாமல், விதியை வகுத்தவரிடமே கேட்டு அந்தப் பதிலை எழுத வேண்டும்.