ஓடும் வேனில் ஒட்டிய லோகோ

விளம்பரப் படத்தில் டெலிவரி வேன் ஒன்று கேமராவைக் கடந்து போகிறது. கதவில் கம்பெனி லோகோ. படம் பிடித்தபோது அந்தக் கதவு வெறும் வெள்ளையாகவே இருந்திருக்கலாம். லோகோ எடிட்டிங்கில் ஏறியிருக்கும்.

நான்கு விநாடி ஷாட் என்றால், விநாடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் 100 படங்கள். ஒவ்வொன்றிலும் லோகோவைக் கையால் நகர்த்தினால் அது நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த வேலையைத்தான் டிராக்கர் செய்கிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் Track Motion அழுத்தியதும் இரண்டு கட்டங்கள் தோன்றும். உள்கட்டத்துக்குள் இருக்கும் சிறு துண்டுப் படத்தை மென்பொருள் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த ஃபிரேமில் வெளிக்கட்டத்துக்குள் அதே போன்ற துண்டைத் தேடும். வேன் ஃபிரேமுக்கு 20 பிக்சல் நகர்ந்தால், உள்கட்டத்தைச் சுற்றி அதைவிடக் கூடுதலான இடம் வெளிக்கட்டத்தில் இருக்க வேண்டும். தேவைக்கு மேல் பெரிதாக்கினால் வேலை மந்தமாகும். பக்கத்திலுள்ள வேறொன்றைப் பிடித்துக்கொள்ளும் அபாயமும் உண்டு.

எந்தப் புள்ளியைப் பிடிப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வண்டியின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் கோடு தெளிவாகத் தெரியும், ஆனால் அது ஆகாது. கோட்டின் எந்தத் துண்டைப் பார்த்தாலும் ஒரே மாதிரி இருப்பதால் கட்டம் அதன் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். பெயின்ட்டில் மின்னும் பிரதிபலிப்பு இன்னும் மோசம்: அது வேனோடு நகர்வதில்லை. இரண்டு கோடுகள் சந்திக்கும் மூலை, கதவின் பரப்பிலேயே உள்ள சின்ன ஸ்டிக்கர் முனை போன்றவையே நல்லவை.

வேன் நெருங்கும்போது பெரிதாகும், மேடுபள்ளத்தில் சாயும். அதனால் Position உடன் Rotation, Scale இரண்டையும் டிக் செய்து, கதவிலேயே இரண்டு புள்ளிகளைப் பிடிக்க வேண்டும். அவற்றுக்கிடையே உள்ள தூரம் அளவைச் சொல்லும், சரிவு சாய்வைச் சொல்லும். கிடைத்த தரவை நேரே லோகோவில் போடாமல், கண்ணுக்குத் தெரியாத Null Object ஒன்றில் ஏற்றி, லோகோவை அதோடு இணைப்பதே வசதி. பிறகு லோகோவைத் தள்ளினாலும் சுருக்கினாலும் டிராக் கெடாது.

ஷாட்டை 200 சதவீதம் பெரிதாக்கி, லோகோவின் ஓரத்தையும் கதவின் கைப்பிடியையும் சேர்த்துப் பாருங்கள். இடைவெளி மெல்ல மாறினால் டிராக் நழுவுகிறது. சரியாக இருந்த கடைசி ஃபிரேமுக்குப் போய், கட்டத்தைத் திருத்தி, அங்கிருந்து மீண்டும் ஓட்டினால் போதும். இடம் சரியாக இருந்தும் லோகோ ஒட்டவைத்தது போலத் தெரிந்தால் காரணம் வேறு: வேகத்தில் வேன் மங்கலாகியிருக்க, லோகோ மட்டும் கூர்மையாக நிற்கிறது. லோகோவுக்கு Motion Blur போட்டால் சரியாகும்.

வேன் கேமரா பக்கம் திரும்பினால் கதவு சரிவகமாகச் சாயும். அதற்கு இரண்டு புள்ளிகள் போதாது. பரப்பையே பின்தொடரும் மோக்கா போன்ற டிராக்கர் வேண்டும்.

ஷூட்டிங்குக்குப் போகும்போது ஒரு டேப் உருளை எடுத்துச் செல்லுங்கள். லோகோ வரப்போகும் இடத்துக்குள்ளேயே நான்கு சிறு குறிகளை ஒட்டினால் டிராக்கருக்குப் பிடி கிடைக்கும். லோகோவே பிறகு அவற்றை மறைத்துவிடும்.