தொங்கும் வாலைக் கவனியுங்கள்

சுருண்டிருக்க வேண்டிய வால் கால்களுக்கிடையே தொங்கினால், அந்தக் கொட்டிலில் வால்கடி தொடங்கப்போகிறது என்பதற்கு அது முதல் அறிகுறி. பல நாடுகளில் குட்டியிலேயே வாலை நறுக்கிவிடுகிறார்கள். சுவீடனில் அதற்குத் தடை. அதனால் காரணத்தைத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

அங்கே 100 கிலோ பன்றிக்குச் சுமார் 0.94 சதுர மீட்டர் இடம். ஐரோப்பிய ஒன்றியத்தின் குறைந்தபட்ச அளவோ 0.65தான். வைக்கோலும் போடுகிறார்கள். கிளறுவதும் மெல்லுவதும் பன்றியின் இயல்பு. வெறும் தரையில் அதன் வாய்க்குக் கிடைப்பது பக்கத்துப் பன்றியின் வால்தான். தொங்கவிட்ட சங்கிலி சீக்கிரமே சலித்துப்போகும்.

தீவனத்தில் உப்போ புரதமோ குறைந்தாலும் இரத்தச் சுவை இழுக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் தின்ன நீளமான தொட்டியும் வேண்டும். அப்படியும் இரத்தம் தெரிந்தால், கடித்ததையும் கடிபட்டதையும் அன்றே பிரித்துவிட வேண்டும். தாமதித்தால் மற்றவையும் கடிக்கத் தொடங்கும்.